பிழை பிடித்துக் கொடுக்கும் ஒன்பது

7,36,48,19,25,408. இந்த எண் மூன்றால் மீதியில்லாமல் வகுபடுமா? வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. இலக்கங்களை வரிசையாகக் கூட்டினால் 57 வரும். 57 மூன்றால் வகுபடும். ஆகவே அந்த நீண்ட எண்ணும் வகுபடும். 57 ஒன்பதால் வகுபடாது; ஆகவே அதுவும் வகுபடாது. பள்ளியில் எல்லோரும் படித்த விதிதான். ஏன் அப்படி என்பதை மட்டும் பல வகுப்பறைகளில் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

4,572 ரூபாயை ஒன்பது பேருக்குப் பங்கிடுவதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஆயிரத்தில் 999 ரூபாயைச் சமமாகப் பிரித்துவிடலாம், ஒரு ரூபாய் மிஞ்சும். நான்கு ஆயிரத்துக்கு நான்கு ரூபாய் மிச்சம். ஒரு நூறில் 99 போக ஒன்று. ஐந்து நூறுக்கு ஐந்து. ஒரு பத்தில் 9 போக ஒன்று. ஏழு பத்துக்கு ஏழு. சில்லறை இரண்டு அப்படியே இருக்கிறது. இனிப் பங்கிட வேண்டியது 4+5+7+2, அதாவது 18 ரூபாய். ஆளுக்கு இரண்டு கொடுத்தால் கணக்கு முடிந்தது. இலக்கங்களின் கூட்டுத்தொகை என்பது இப்படி மிஞ்சிய ஒற்றை ரூபாய்களின் தொகைதான். 9, 99, 999 எல்லாமே மூன்றாலும் வகுபடும் என்பதால் மூன்றுக்கும் இதே வழி செல்லுபடியாகிறது.

இதனால் இன்னொன்றும் கிடைக்கிறது. வகுபடுமா, படாதா என்பதோடு, மீதி எவ்வளவு என்றும் இந்தக் கூட்டல் சொல்லிவிடும். மேலே கண்ட 57ஐ மறுபடி கூட்டினால் 12, அதையும் கூட்டினால் 3. அந்தப் பெரிய எண்ணை ஒன்பதால் வகுத்தால் மீதி 3. கடைசியில் 9 வந்து நின்றால் மட்டும் மீதி ஏதுமில்லை என்று பொருள்.

எல்லா இலக்கங்களையும் கூட்டவும் வேண்டாம். ஒன்பதையும், சேர்ந்தால் ஒன்பதாகும் இலக்கங்களையும் அடித்துவிடலாம். நம் எண்ணில் 9 போகட்டும். 7-2, 3-6, 8-1, 4-5 என்ற ஜோடிகளும் போகட்டும். மிஞ்சுவது ஒரு 4, ஒரு 8, ஒரு பூஜ்யம். கூட்டினால் 12, மீதி 3. அதே விடை.

9க்குச் சரியாக வருவது 27க்கும் வரும் என்று நம்பிவிடக் கூடாது. 1,899இன் இலக்கங்களைக் கூட்டினால் 27 வரும்; ஆனால் 27ஆல் வகுத்தால் 9 மீதி நிற்கும். பத்தை 27ஆல் வகுத்தால் மிஞ்சுவது ஒன்றல்ல, பத்து. அங்கே நம் பங்கீட்டுக் கணக்கு செல்லாது.

பெருக்கல் விடையைச் சரிபார்க்க இந்த ஒன்பது முறை மிகப் பழங்காலம் தொட்டுப் பயன்பட்டிருக்கிறது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் இரண்டாம் ஆரியபட்டரின் 'மகாசித்தாந்தம்' இதைச் சொல்கிறது. 347 × 286 = 99,242 சரிதானா? 347க்கு மீதி 5, 286க்கு 7. இரண்டையும் பெருக்கினால் 35, அதன் மீதி 8. விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 26, மீதி 8. பொருந்துகிறது. ஆனால் கை தவறி 99,422 என்று எழுதியிருந்தாலும் இதே 8தான் வந்திருக்கும். எந்த இலக்கம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது கூட்டலுக்குத் தெரியாதே. மீதி பொருந்தாவிட்டால் விடை நிச்சயம் தப்பு. பொருந்திவிட்டால் சரி என்று அடித்துச் சொல்ல முடியாது.

இந்தக் குறையையே கணக்கு எழுதுகிறவர்கள் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். பற்றும் வரவும் சமமாக வர வேண்டிய இடத்தில் 270 ரூபாய் இடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே அதை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார்கள். இலக்கங்கள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது; எனவே சரியான எண்ணுக்கும் தவறான எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகவே இருக்கும். இங்கே 270 ÷ 9 = 30. அதாவது, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் மாறியிருந்தால், மாறியவை நூறாம் இடமும் பத்தாம் இடமும். அந்த இலக்கங்களின் வித்தியாசம் 3. பேரேட்டில் அப்படிப்பட்ட பதிவுகளை மட்டும் தேடினால் 5,472 என்பது 5,742 ஆகியிருப்பது கண்ணில் படும். 450ஐ 4,500 என்று ஒரு பூஜ்யம் கூட்டி எழுதியிருந்தாலும் வித்தியாசம் 4,050. அதுவும் ஒன்பதின் மடங்கே.

வித்தியாசம் ஒன்பதால் வகுபடாவிட்டால், அது ஒரே ஒரு இடமாற்றத்தால் வந்த பிழையல்ல. விடுபட்ட பதிவையோ கூட்டல் தவறையோ தேடுங்கள். வகுபட்டாலும் இடமாற்றம்தான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். எந்தப் பிழைத்தொகையும் ஒன்பதில் ஒரு முறை தற்செயலாகவே ஒன்பதின் மடங்காக அமைந்துவிடும்.