உலர்ந்தால் மறையும், வியர்த்தால் திரும்பும்

காலையில் மேசையிலிருந்து எடுக்கும்போது வாட்ச்சில் எந்த வாடையும் தெரியாது. பேருந்தில் நின்றபடி அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் மணிக்கட்டு வியர்த்துவிடும். பார்க்க நன்றாகவே இருக்கும் அந்தத் தோல் ஸ்ட்ராப்பிலிருந்து அப்போது ஒரு புளித்த நெடி கிளம்பும். முந்தைய இரவே ஈரத்துணியால் துடைத்து, முகர்ந்தும் பார்த்து, போய்விட்டது என்று நம்பியவர்களுக்கு இது புரியாத புதிராக இருக்கும். உண்மையில் வாடை எங்கும் போகவில்லை. தோல் உலர்ந்திருந்ததால் வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

மணிக்கட்டில் சுரக்கும் வியர்வை பெரும்பாலும் நீரும் உப்பும்தான். அதற்கென்று பெரிய மணம் கிடையாது. ஆனால் அதோடு சருமத்தின் எண்ணெய்ப் பசையும் உதிர்ந்த தோல் செல்களும் சேர்ந்து ஸ்ட்ராப்பின் உட்புறத்தில் ஊறுகின்றன. சருமத்தில் இயல்பாகவே வாழும் பாக்டீரியாக்கள் இவற்றைச் சிதைக்கும்போது ஆவியாகும் அமிலங்கள் உண்டாகின்றன. நாள் முழுக்கப் போட்ட காலுறை நாறுவதும் இந்த வகை அமிலங்களால்தான். ஸ்ட்ராப் காய்ந்தால் பாக்டீரியாக்களின் வேலை மந்தமாகிறது. மறுபடி ஈரமும் உடல் சூடும் கிடைத்ததும் தொடங்கிவிடுகிறது.

ஸ்ட்ராப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கும். பெரும்பாலான தோல் ஸ்ட்ராப்கள் ஒரே துண்டு அல்ல. மேல் தோல், உள்ளே மெத்தென்ற நிரப்பு, சருமத்தில் படும் லைனிங் தோல் என மூன்று அடுக்குகளைப் பசையால் ஒட்டி, ஓரம் தைத்திருப்பார்கள். மேல் தோலுக்குப் பூச்சு உண்டு, வியர்வை எளிதில் இறங்காது. லைனிங்கிற்கு அந்தக் காப்பு குறைவு. பக்கிள் கம்பி நுழையும் துளைகளில் தோலின் வெட்டுவாய் அப்படியே திறந்து கிடக்கிறது. அடிக்கடி மாட்டும் துளையை வெளிச்சத்தில் பார்த்தால், சுற்றிலும் கறுத்த, வழவழப்பான வளையம் தெரியும். ஸ்ட்ராப்பின் நுனியைச் செருகி வைக்கும் சிறு வளையங்களின் உட்புறத்திலும் இதே அழுக்குதான். மேற்புறத்தை மட்டும் துடைப்பவர்களுக்கு இந்த இடங்கள் கண்ணில் படுவதே இல்லை.

ஓர் உதாரணம். சென்னையில் இருசக்கர வாகனத்தில் வேலைக்குப் போகும் ஒருவர் பழுப்பு நிறக் கன்றுத்தோல் ஸ்ட்ராப்பை எட்டு மாதமாகத் தினமும் கட்டுகிறார், மே மாதத்தில் நெடி தாங்க முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை மாலை அவர் முதலில் செய்ய வேண்டியது, ஸ்ட்ராப்பை வாட்ச்சிலிருந்து கழற்றுவது. இரு முனையிலும் ஸ்பிரிங் உள்ள சிறிய பின் ஒன்றுதான் அதைப் பிடித்திருக்கிறது. உட்புறத்தில் சின்னக் குமிழ் இருந்தால் நகத்தால் தள்ளியே கழற்றலாம். இல்லாவிட்டால் வாட்ச் கடையில் கொடுத்தால் சில நிமிட வேலை.

ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு குழந்தைகள் ஷாம்பு கலந்து, மெல்லிய பருத்தித் துணியை நனைத்து, சொட்டாத அளவுக்கு இறுகப் பிழிந்துகொள்ள வேண்டும். அந்தத் துணியால் லைனிங்கை நீளவாக்கில் துடைக்கத் துடைக்கப் பழுப்பாக அழுக்கு வரும். மேல் தோலின் சாயமும் கொஞ்சம் வரலாம் என்பதால் அந்தப் பக்கம் அழுத்தக் கூடாது. துளைகளுக்குக் காது குடையும் பஞ்சுக்குச்சியே போதும். பிறகு வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த வேறு துணியால் சோப்பை எடுத்துவிட்டு, உலர்ந்த துணியில் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் நிழலில் ஒரு முழு நாள் விட வேண்டும்.

துடைத்துக் கொண்டிருப்பதற்குப் பதில் ஒரேயடியாக ஊற வைத்தால் என்ன என்று தோன்றும். அங்கேதான் பல ஸ்ட்ராப்கள் பாழாகின்றன. ஊறினால் நிரப்பு உப்பும், பசை விடும், அடுக்குகள் பிரியும். வெயிலில் காய வைத்தால் தோலில் உள்ள எண்ணெய்ப் பதம் போய் விறைத்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவி மென்மையாக்கப் பார்ப்பதும் உதவாது. மேல் தோல் திட்டுத்திட்டாகக் கறுக்கும். லைனிங்கில் இறங்கிய எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடித்து, இருந்த நெடியோடு இன்னொன்றைச் சேர்க்கும். செண்ட் அடித்தாலும் கதை அதேதான்.

ஞாயிறு இரவு ஸ்ட்ராப் நன்றாக உலர்ந்திருக்கும். மிச்ச வாடைக்கு இறுக மூடும் டப்பா ஒன்று வேண்டும். அதன் அடியில் சிறு கிண்ணத்தில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா, பக்கத்தில் ஸ்ட்ராப். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சோடா காரத்தன்மை உடையது. நெடி தரும் அமிலங்களை அது பிடித்துவைப்பதற்கும் காரணம் அதுவே. ஆனால் பதனிட்ட தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது, அதன்மீது சோடாவை நேரடியாகத் தூவினால் ஈரத்தோடு சேர்ந்து நிறம் மாறும், நாளடைவில் தோல் வெடிக்கும். வண்ணமீன் கடைகளில் தொட்டி வடிகட்டிக்காக விற்கும் கரித்துண்டுகளைக் கிண்ணத்தில் வைப்பது இன்னும் நல்லது. இரண்டு மூன்று நாள் டப்பா மூடியே இருக்கட்டும்.

எடுத்ததும் அப்படியே முகர்ந்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. லைனிங்கின்மீது வாயைத் திறந்து சூடான மூச்சை நாலைந்து முறை ஊதிவிட்டு உடனே முகர வேண்டும். மணிக்கட்டில் கிடைக்கும் ஈரமும் சூடும் அந்தக் கணத்தில் தோலுக்குக் கிடைக்கின்றன. தோல் மணம் மட்டும் வந்தால் ஸ்ட்ராப் பிழைத்தது. லேசாகப் புளிப்பு தெரிந்தால் துடைத்து, உலர்த்தி, டப்பாவில் வைப்பதை இன்னொரு முறை செய்து பார்க்கலாம். இரண்டாவது முறைக்குப் பிறகும் கட்டிய ஓரிரு நாளில் நெடி திரும்பினால், அது லைனிங்கைத் தாண்டி நடு நிரப்புக்குப் போய்விட்டது என்று பொருள். துணியோ டப்பாவோ அங்கே எட்டாது. ஸ்ட்ராப்பை மாற்றுவதுதான் வழி.

நெடிக்குக் காத்திருக்காமலே மாற்ற வேண்டிய நிலையும் உண்டு. லைனிங்கில் வெடிப்பு, துடைத்தும் மறுபடி வரும் பூஞ்சைப் புள்ளிகள், பிரிந்த தையல், நீள்வட்டமாக விரிந்துபோன துளை ஆகியவை கண்ணுக்குத் தெரியும். இவற்றைவிட ஆபத்தானது வாட்ச்சோடு சேரும் முனையில் இருக்கிறது. பின் நுழையும் அந்தத் தோல் மடிப்பில் உப்பு ஏறி, விறைத்து, வளையும் இடத்தில் கீறல் விட்டிருக்கும். ஸ்ட்ராப்பைப் பின்பக்கமாக மெல்ல வளைத்தால் கீறல் வாய் திறக்கும். அது அறுந்தால் வாட்ச் தரையில்தான். ஸ்ட்ராப் படும் இடத்தில் அரிப்போ தடிப்போ வந்தால் கட்டுவதை உடனே நிறுத்த வேண்டும். தோலைப் பதனிடும் குரோமியமும் பக்கிளில் உள்ள நிக்கலும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஸ்ட்ராப்பைக் கழற்றியும் தணியாவிட்டால் சரும மருத்துவரிடம் காட்டுவதே சரி.

மேல்புறம் மெல்லிய ஏடாக உரிந்து, அடியில் துணி தெரிந்தால் அது முழுத் தோலே அல்ல, ரெக்சின் வகை. அதற்கு மேற்சொன்ன எதையும் செய்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

புதிது வாங்கும்போது வாட்ச்சின் இரு கொம்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து கொள்ள வேண்டும். 18, 20, 22 ஆகியவை அதிகம் புழங்கும் அளவுகள். தினமும் வியர்க்கும் கைக்கு மெத்தென்ற தடித்த ஸ்ட்ராப்பைவிட நிரப்பு இல்லாத மெல்லியது ஏற்றது, சீக்கிரம் உலரும். தோலும் நைலானுமாக இரண்டு வைத்துக்கொண்டு, கோடையில் நைலானுக்கு மாறுவது இன்னும் நல்லது, அதைத் தாராளமாகச் சோப்பு போட்டுத் துவைக்கலாம். பழைய பக்கிளையே புது ஸ்ட்ராப்பில் மாட்டுவதானால், அதைத் தனியே கழற்றிப் பழைய டூத்பிரஷால் சோப்பு நீரில் தேய்த்துக் காய வைத்த பிறகே மாட்ட வேண்டும். வாட்ச்சின் பின்மூடி விளிம்பையும் ஈரம் குறைந்த பிரஷால் ஒரு முறை துடைத்துவிடலாம். பழைய ஸ்ட்ராப்பின் அழுக்கு அங்கேயும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.