21 ஆண்டு வேலையை நான்கு வரியில் சொல்வது

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 21 ஆண்டு வேலை பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2003-இல் செக்கராகச் சேர்ந்தார். பிறகு லைன் க்யூசி, ஃபைனல் க்யூசி என்று வளர்ந்து, 2016 முதல் தர மேலாளராக இருக்கிறார். இதற்குள் ஐந்து கம்பெனி மாறியாயிற்று. இப்போது குழந்தைகள் ஆடை ஏற்றுமதி செய்யும் வேறொரு நிறுவனத்தில் அதே பதவிக்கு விண்ணப்பிக்கிறார். பயோடேட்டாவின் மேல்பகுதியில் போடும் சுருக்கத்தை இப்படித் தொடங்குகிறார்: "2003-இல் பணியைத் தொடங்கி, பல்வேறு நிறுவனங்களில் பல்வேறு பொறுப்புகளைத் திறம்பட வகித்து, கடின உழைப்பும் நேர்மையும் கொண்டு..."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால், படிப்பவர் தேடும் விஷயம் வருவதற்குள் இரண்டு வரி தீர்ந்துவிடுகிறது. ஆள் எடுப்பவருக்கு முதலில் தெரியவேண்டியது, இவர் இன்று என்ன வேலை செய்கிறார், எவ்வளவு பெரிய அளவில் செய்கிறார் என்பதுதான். லிங்க்ட்இன் தளத்தில் சுயவிவரத்துக்கு 2,600 எழுத்து வரை இடம் உண்டு. ஆனால் பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படுவது தொடக்கத்தின் சில வரிகள் மட்டுமே; மீதியைப் பார்க்கத் தனியாக அழுத்த வேண்டும். அதனால் சுருக்கம் காலவரிசையில் போகக் கூடாது. இன்றைய நிலையில் தொடங்க வேண்டும்.

எதை வைப்பது, எதை விடுவது என்பதை வேலை விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் முடிவு செய்ய முடியும். இவர் பார்த்த விளம்பரம் கேட்பவை மூன்று: குழந்தைகள் ஆடை அனுபவம், ஐரோப்பிய பையர்களுடன் பழக்கம், குழுவை நடத்தும் திறமை. 21 ஆண்டில் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் பகுதிகளை மட்டும் அடிக்கோடிடச் சொல்வேன். மூன்று கம்பெனியில் ஃபைனல் க்யூசியாக ஒரே வேலையைச் செய்திருந்தால், அதற்கு ஒரு சொற்றொடர் போதும். கம்பெனிப் பெயர்களும் தேதிகளும் கீழே அனுபவப் பட்டியலில் வரத்தான் போகின்றன. செக்கராக இருந்த ஆண்டுகளை ஒரேயடியாக நீக்க வேண்டாம். செக்கிங் டேபிளில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் என்பது தர மேலாளருக்குப் பெரிய பலம். ஆனால் அது கடைசியில் வரட்டும்.

அடுத்து, "திறம்பட", "கடின உழைப்பு" போன்ற சொற்கள். பக்கத்து மேஜைக்காரர் தன் பயோடேட்டாவிலும் அப்படியே எழுதிக்கொள்ளக்கூடிய வாக்கியம் என்றால் அதை அடித்துவிடலாம். அந்த இடத்தில் ஓர் எண்ணும் அதற்கான காரணமும் வர வேண்டும். இவர் பிரிவில் ஆல்டருக்குத் திரும்பும் பீஸ் நூற்றுக்கு ஒன்பதாக இருந்தது, இரண்டு ஆண்டில் நான்காகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். எப்படிக் குறைந்தது? தைத்த பிறகு ஓட்டையைக் கண்டுபிடிப்பதை விட்டுவிட்டு, வெட்டுவதற்கு முன்பே துணியை நான்கு புள்ளி முறையில் பார்க்க ஏற்பாடு செய்தார். இந்தக் காரணம் சேரும்போதுதான் எண்ணுக்கு நம்பகம் வருகிறது. நேர்காணலில் கேட்டால் எந்த ரெஜிஸ்டரிலிருந்து எடுத்தது என்று சொல்ல முடியாத எண்ணைப் போடவே கூடாது.

இப்போது சுருக்கம் இப்படி வருகிறது: "பின்னலாடை ஏற்றுமதியில் 21 ஆண்டு அனுபவமுள்ள தர மேலாளர். 14 லைன், 35 பேர் கொண்ட குழுவை நடத்துகிறேன். ஐரோப்பிய பையர்களுக்கான குழந்தைகள் ஆடையில் துணி ஆய்வு முதல் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் வரை பொறுப்பு. வெட்டுக்கு முன்பே துணி ஆய்வைக் கொண்டுவந்து, ஆல்டரை இரண்டு ஆண்டில் 9 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தோம். செக்கராகத் தொடங்கியதால் லைனில் நடப்பது கைப்பழக்கமாகத் தெரியும்."

"குறைத்தோம்" என்று பன்மையில் இருப்பதைக் கவனியுங்கள். குழுவாகச் செய்ததை அப்படிச் சொல்வதே சரி. தன் பங்கு எது என்பதை முந்தைய சொற்களே காட்டிவிடுகின்றன. பயோடேட்டா ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும், முதலில் தமிழில் எழுதிப் பார்ப்பது நல்லது. ஆங்கிலத்தில் கம்பீரமாகத் தெரியும் வெற்றுச் சொற்கள் தமிழில் உடனே பல்லிளிக்கும்.

சுருக்குகிற சாக்கில் பதவியைப் பெரிதாக்கிவிடக் கூடாது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் உள்ள பதவிப் பெயரையே எழுத வேண்டும். பிஎஃப் கணக்கில் எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது பதிவாகியிருக்கும். சரிபார்க்கும்போது ஆண்டுக் கணக்கு இடித்தால், உண்மையான மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் விழும்.

இதே மனிதர் நாளை மூன்றாம் தரப்பு ஆய்வு நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தால் இந்த நான்கு வரி உதவாது. அங்கே குழுவின் அளவை யாரும் கேட்கப் போவதில்லை. ஏக்யூஎல் 2.5 அளவில் சாம்பிள் எடுத்துத் தனியாகத் தீர்ப்பு எழுதத் தெரியுமா, ஃபெயில் போட்டால் தொழிற்சாலைக்காரரின் நெருக்குதலைத் தாங்குவாரா என்று பார்ப்பார்கள். ஒரே வரியில் சுருக்கி வைத்திருந்த ஃபைனல் க்யூசி ஆண்டுகள் அப்போது முதல் வரிக்கு வரும். 14 லைனும் 35 பேரும் கீழே பட்டியலுக்குப் போகும்.