வாடகை ஜிபியு: மீட்டர் எப்போது நிற்கும்?

மெஷின் லேர்னிங் புராஜெக்டுக்காக கிளவுடில் ஜிபியு எடுக்கும் மாணவர்கள் முதலில் பார்ப்பது மணிக்கு எவ்வளவு என்பதைத்தான். மீட்டர் எப்போது நிற்கும் என்பதை அதற்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

அமேசானின் g4dn.xlarge இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 16 ஜிபி நினைவகமுள்ள என்விடியா T4 அதில் இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மையத்தில் பட்டியல் விலை மணிக்கு 0.526 டாலர். ஒரு மாணவி வெள்ளி மாலை 6 மணிக்குப் பயிற்சியைத் தொடங்குகிறாள் என்று வையுங்கள். வேலை 3 மணி நேரம்தான், 1.58 டாலரில் முடிய வேண்டியது. லேப்டாப்பை மூடிவிட்டு ஊருக்குப் போனவள் திங்கள் காலை 9 மணிக்குத் திறக்கிறாள். 63 மணி நேரத்துக்கு 33 டாலர் ஏறியிருக்கும். இயந்திரம் உழைத்ததா, சும்மா கிடந்ததா என்பது கணக்கிலேயே வராது. இன்னொரு கொடுமையும் உண்டு. SSH வழியாக நேரடியாக ஓடவிட்டிருந்தால், லேப்டாப்பை மூடியதும் இணைப்பு அறுந்து பயிற்சி பாதியிலேயே நின்றிருக்கும். மாடல் கிடைக்காது, பணம் மட்டும் போயிருக்கும்.

இப்படி ஓடவிட்டால் இரண்டுக்கும் தீர்வு உண்டு:

```
tmux
python train.py; sudo shutdown -h now
```

இணைப்பு அறுந்தாலும் tmux வேலையைத் தொடரவிடும். பயிற்சி முடிந்தாலும் சரி, பிழை வந்து நின்றாலும் சரி, அடுத்த கட்டளை இயந்திரத்தை அணைத்துவிடும். மாடலைச் சேமிக்கும் வரி train.py-யிலேயே இருக்க வேண்டும், மறக்கக்கூடாது. அணைந்த இயந்திரத்துக்கு வாடகை இல்லை. அதன் EBS வட்டுக்கு மட்டும், அழிக்கும்வரை உண்டு.

இதையெல்லாம் நாமே பார்த்துக்கொள்ள வேண்டாம் என்றால் சேஜ்மேக்கர் இருக்கிறது. பயிற்சியை டிரெயினிங் ஜாப்பாக அனுப்பினால் இயந்திரம் தானே தொடங்கி, மாடலை S3-இல் வைத்துவிட்டு, தானே அணையும். மணி வாடகை கொஞ்சம் கூடுதல்தான். தொடக்கநிலை மாணவர்கள் அதைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்பேன். ஆனால் அதே சேவையின் நோட்புக் இன்ஸ்டன்ஸ் வேறு மாதிரி. பிரவுசர் டேப்பை மூடினால் அது நிற்பதில்லை, Stop கொடுத்தால்தான் நிற்கும். டெமோவுக்காக ஜிபியு இயந்திரத்தில் ஏற்றிவைத்த எண்ட்பாயிண்டும் அப்படித்தான். ஒருவரும் பயன்படுத்தாவிட்டாலும், அழிக்கும்வரை பில் ஏறிக்கொண்டே இருக்கும்.

பட்ஜெட் எச்சரிக்கை வைத்திருக்கிறேனே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அது மின்னஞ்சல் அனுப்புமே தவிர, தனியாக ஏற்பாடு செய்யாதவரை எதையும் நிறுத்தாது. செலவுக் கணக்கு அதற்கு வந்துசேரவே பல மணி நேரம் ஆகும்.

புதுக் கணக்குகளில் ஜிபியு வரம்பு பெரும்பாலும் பூஜ்யமாகவே இருக்கும். Service Quotas பக்கத்தில் `Running On-Demand G and VT instances` என்பதற்கு 4 கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், g4dn.xlarge-க்கு அது போதும். சேஜ்மேக்கருக்கு வரம்பு தனி. அனுமதி வர நாட்கள் பிடிக்கலாம் என்பதால், புராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரம்வரை இதைத் தள்ளிப்போட வேண்டாம்.