எட்டு மணிக்கு அம்மா அழைப்பாள்

மதுரையிலிருந்து படிக்கப் புறப்பட்ட அந்தப் பெண்ணின் பெட்டி முழுக்கக் குளிருக்கான ஏற்பாடுதான். கம்பளிச் சட்டை, கையுறை, காதை மூடும் தொப்பி என்று உறவுக்காரர்கள் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஹெல்சிங்கியில் வீடுகளை நன்றாகச் சூடேற்றி வைக்கிறார்கள்; அறைக்குள் பருத்திச் சட்டையே போதும். அவளைப் படுத்தியது இருட்டு.

மதுரையில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூடச் சுமார் பதினொன்றரை மணி நேரம் இருக்கும். ஹெல்சிங்கியில் டிசம்பர் 21 அன்று அது ஆறு மணி நேரத்தைத் தொடாது. என்னைக் கேட்டால் நவம்பர் இன்னும் மோசம். பனி தங்கியிருக்காது, நனைந்த தார்ச்சாலை இருக்கிற வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். அந்த மாதக் கடைசியில் அவள் விடியற்காலை மூன்று வரை விழித்திருந்தாள், பதினொரு மணிக்கு எழுந்தாள். சமைக்கவே தோன்றவில்லை.

நம் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தைக் கண்ணில் விழும் காலை வெளிச்சம்தான் தினமும் திருத்துகிறது. அது கிடைக்காவிட்டால் தூக்கம் தள்ளிக்கொண்டே போகும். வீட்டு பல்பு தருவது சில நூறு லக்ஸ்தான். இதற்கு அது போதாது.

பக்கத்து அறை பின்லாந்துப் பெண் தன்னிடமிருந்த 10,000 லக்ஸ் விளக்கைக் கொடுத்தாள். அதை இவள் அலமாரி மேல் வைத்தாள், ஒன்றும் மாறவில்லை. அந்த அளவு வெளிச்சம் விளக்கின் அட்டையில் போட்டிருக்கும் தூரத்தில்தான் கிடைக்கும். தள்ளிப் போகப் போக வேகமாகக் குறைந்துவிடும். பிறகு சாப்பாட்டு மேசையில் ஒரு முழத்துக்குள் வைத்து, எழுந்தவுடன் அரை மணி நேரம் அதன் முன் உட்கார்ந்தாள். விளக்கை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை, காபி குடித்தபடி இருந்தால் போதும். மாலையில் போட்டால் தூக்கம் இன்னும் தள்ளிப்போகும். கண் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே பயன்படுத்த வேண்டும்.

எழுவதுதானே கஷ்டம்? அதை அம்மா பார்த்துக்கொண்டாள். மதுரையில் பதினொன்றரை மணிக்குச் சமையலை முடித்துவிட்டு அழைப்பாள், அங்கே எட்டு.

"எந்திரிச்சிட்டியாடி? லைட்டப் போட்டியா?"

"போட்டுட்டேம்மா."

"எங்க, காட்டு."

நண்பகலில் 'ஓடி' என்ற நூலகத்துக்கு நடந்தாள். மேகம் மூடிய வானம்கூட அறையைவிடப் பல மடங்கு வெளிச்சம் தரும். நாடாளுமன்றத்துக்கு எதிரே 2018இல் திறந்த அந்த நூலகத்தில் புத்தகத்தோடு தையல் இயந்திரமும் உண்டு. தொளதொளத்த கோட்டை அங்கேயே பிடித்துத் தைத்தாள். பக்கத்து இயந்திரத்துப் பாட்டி நூல் கோத்துக் கொடுத்தார். வாரம் முழுக்க அவள் நேரில் பேசிய ஒரே ஆள் சில சமயம் அவர்தான்.

பிப்ரவரியில் பகல் நாளுக்கு ஐந்து நிமிடம்போல நீண்டது. மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். மறுநாள் அம்மா வழக்கம்போல அழைத்தபோது அங்கே மணி ஒன்பது. அவள் எடுக்கவில்லை. வகுப்பில் இருந்தாள்.