இரவு 11 மணிக்கு ‘இருக்கா அக்கா?’

சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில் சேலை எடுத்து, வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப்பில் விற்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பீரோ, ஒரு போன், ஒரு கட்டு கொரியர் கவர், இவ்வளவுதான் கடை. பகலில் படங்களை ஸ்டேட்டஸில் போடுகிறார். வாங்குபவர்களோ வேலையெல்லாம் முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகுதான் அவற்றை நிதானமாகப் பார்க்கிறார்கள். ‘இந்த மெரூன் இருக்கா அக்கா?’ என்று செய்தி வரும்போது அக்கா தூங்கப் போயிருப்பார்.

இந்த நேரத்துக்காக வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ‘அவே மெசேஜ்’ என்று ஒன்று இருக்கிறது. கடை திறந்திருக்கும் நேரத்தை முதலில் பதிந்துவிட்டு, ‘அந்த நேரத்துக்கு வெளியே மட்டும் அனுப்பு’ என்று சொல்லிவிட்டால், அதன்பின் வரும் செய்திகளுக்குத் தானாகப் பதில் போகும். தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் கடைக்காரரின் போன் இணையத்தில் இருந்தால்தான் அது போகும். தூங்கும்முன் டேட்டாவை அணைக்கும் பழக்கமுள்ளவர்கள் பலர். அவர்கள் எழுதிய அழகான பதில் யாருக்கும் போய்ச் சேராது.

அமைப்பதெல்லாம் ஐந்து நிமிட வேலை. என்ன எழுதுவது என்பதில்தான் தடுக்கி விழுகிறார்கள். வழக்கமாக எழுதப்படுவது இப்படி இருக்கும்: ‘ஹாய் டியர்! எங்க குடும்பத்துக்கு அன்போட வரவேற்கிறோம்! உங்க மெசேஜ் பாத்து ரொம்ப சந்தோஷம்! சீக்கிரமே ரிப்ளை பண்றோம், ஹேப்பி ஷாப்பிங்!’ கூடவே நாலு இதயம், இரண்டு பூங்கொத்து.

மெரூன் சேலை கேட்டவருக்கு இதில் பிரச்சினை இல்லை. அதே இரவில் இன்னொருவர், ‘நாளன்னிக்கு தங்கச்சி நிச்சயதார்த்தம், வந்த சேலையில முந்தானை கிழிஞ்சிருக்கு’ என்று படத்தோடு எழுதுகிறார். அவருக்கும் போவது ‘ரொம்ப சந்தோஷம், ஹேப்பி ஷாப்பிங்’தான். வந்த செய்தி என்னவென்று இந்தப் பதிலுக்குத் தெரியாது. ஆகவே மிகவும் மகிழ்ச்சியாக இருப்பவரிடமும் மிகவும் கோபமாக இருப்பவரிடமும் ஒரேபோல் சொல்லக்கூடிய வாக்கியங்கள் மட்டுமே அதில் இருக்கலாம். எழுதி முடித்ததும் கிழிந்த சேலைக்காரரின் இடத்தில் உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பார்த்தால், எந்தச் சொல்லை எடுக்க வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் ஆச்சரியக்குறிகள்தான் முதலில் போகும்.

சிரிப்பை எடுத்துவிட்டால் நட்பு போய்விடுமே என்று சிலர் பயந்து, மறுபக்கம் போய் விழுகிறார்கள்: ‘தங்கள் செய்தி பெறப்பட்டது. அலுவல் நேரத்தில் தொடர்பு கொள்ளப்படும்.’ பகலெல்லாம் ‘அனுப்பிடறேங்க, கவலைப்படாதீங்க’ என்று பேசியவர் இரவானால் தாலுகா ஆபீஸ் ஆகிவிடுகிறார். தன் குரல் எது என்று தேட வேண்டியதில்லை. பகலில் தான் அனுப்பிய பழைய பதில்களை மேலே தள்ளிப் படித்தால் போதும். அங்கே ‘டியர்’ இல்லையென்றால் இரவிலும் வேண்டாம். தனி ஆளாகக் கடை நடத்துபவர் ‘எங்கள் டீம்’ என்று எழுதவும் வேண்டாம்.

நான் அவருக்கு எழுதிக் கொடுப்பதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

‘வணக்கங்க. இப்ப கடை மூடியாச்சு, இது தானா போற பதில். காலையில 9:30 மணிக்கு, இந்திய நேரம், போனை எடுத்துடுவேன். மதியத்துக்குள்ள எல்லாருக்கும் பதில் சொல்லிடுவேங்க. சேலை வேணும்னா படத்தையும் உங்க பின்கோடையும் அனுப்பி வைங்க. இருக்குன்னு நான் சொல்ற வரைக்கும் பணம் மட்டும் போட்டுடாதீங்க. வந்த சேலையில குறை இருந்தா போட்டோ அனுப்புங்க, அதைத்தான் முதல்ல பாப்பேன்.’

இதில் நட்பான வாக்கியம் எது என்று கேட்டால், ‘பணம் போட்டுடாதீங்க’ என்பதைத்தான் சொல்வேன். இந்த வியாபாரத்தில் பல சேலைகள் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஸ்டேட்டஸில் படம் இருந்தாலும் சேலை மாலையிலேயே போயிருக்கலாம். ஆசையில் இரவோடு இரவாக ஜிபேயில் பணம் அனுப்பி ஸ்கிரீன்ஷாட்டும் போட்டுவிட்டால், காலையில் ‘சாரிங்க, முடிஞ்சிருச்சு’ என்று சொல்லி, திருப்பி அனுப்பி, மனவருத்தமும் மிஞ்சும்.

‘சீக்கிரமே’ என்ற சொல்லுக்குப் பதில் மணி போட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. இரவு 11 மணிக்குக் கேட்டவருக்குச் ‘சீக்கிரம்’ என்றால் 11:15. பதில் வராமல் அவர் இரண்டு கேள்விக்குறி போடுவார், பிறகு வேறு கடைக்குப் போவார். மணி போடும்போது போனை எடுக்கும் நேரத்தையும் பதில் சொல்லி முடிக்கும் நேரத்தையும் பிரித்துச் சொல்வது நல்லது. நாற்பது பேர் காத்திருந்தால் கடைசி ஆளுக்கு 9:30 பொய்யாகிவிடும். ‘இந்திய நேரம்’ என்ற இரண்டு சொல் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் இருக்கும் வாடிக்கையாளருக்காக. நம் காலை 9:30 சிங்கப்பூரில் பகல் 12 மணி. டொராண்டோவில் அப்போது இரவு.

யாருக்குப் போக வேண்டும் என்பதையும் செயலியில் தேர்ந்தெடுக்கலாம். சித்தப்பா ‘சாப்டியா?’ என்று கேட்டதற்குக் ‘கடை மூடியாச்சு’ என்று பதில் போன சங்கடத்துக்குப் பிறகு, பலர் ‘தொடர்புப் பட்டியலில் இல்லாதவர்களுக்கு மட்டும்’ என்று மாற்றிவிடுகிறார்கள். ஆனால் மாதாமாதம் வாங்கும் வாடிக்கையாளர்களும் ரீசெல்லர்களும் அதே பட்டியலில்தான் இருக்கிறார்கள். பதில் அவர்களுக்கும் போகாது. ‘இவர்களைத் தவிர எல்லோருக்கும்’ என்ற வழியில் சொந்தக்காரர்களை மட்டும் விலக்குவதே சரி.

அதே செயலியில் ‘கிரீட்டிங் மெசேஜ்’ என்று இன்னொன்றும் உண்டு. முதல்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து திரும்ப எழுதுபவருக்கும் அது போகும். அதற்குக் கடை நேரம் என்ற கணக்கு கிடையாது. அதில் ‘இதோ உடனே சொல்றேன்’ என்று எழுதி வைத்திருந்தால், நள்ளிரவில் வரும் புது வாடிக்கையாளருக்கும் அந்த வாக்குறுதிதான் போகும். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்து, முரணில்லை என்று பார்த்துவிட வேண்டும். பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு ‘எப்போதும் அனுப்பு’ என்று போட்டால் பிறகு அணைக்க மறந்துபோகும். தொடக்கமும் முடிவும் குறித்து வைக்கும் வசதியைப் பயன்படுத்தலாம்.

காலை வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. வாட்ஸ்அப் பட்டியலில் கடைசியாக வந்த செய்தி மேலே நிற்கும். பொறுமையாக ஒரே ஒருமுறை கேட்டவர் கீழே போயிருப்பார்; இரண்டு கேள்விக்குறி போட்டவர் மேலேறியிருப்பார். போதாக்குறைக்கு, தானாகப் போன பதில்தான் கடைசிச் செய்தி என்பதால் பல வரிகளில் ‘வணக்கங்க, இப்ப கடை…’ என்றே தெரியும், அவர்கள் கேட்டது தெரியாது. அதனால் கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, குறை சொன்னவர்களுக்கு ஒரு லேபிள் ஒட்டி முதலில் முடித்துவிட்டு, ஒற்றைச் சேலைக்குப் பல பேர் கேட்டிருந்தால் செய்தி வந்த மணியைப் பார்த்துத்தான் ‘இருக்குங்க’ என்று எழுத வேண்டும்.