ஜிப்பா காலர் கழுத்தைப் பிடிக்கிறதா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் ஜிப்பா, சட்டை வாங்கக் கூட்டம் கூடும். பெரும்பாலோர் நிறத்தையும் பூ வேலைப்பாட்டையும் பார்த்து வாங்குகின்றனர். காலர் கழுத்தை இறுக்குவதோ, அகன்று தொங்குவதோ வீட்டில் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. அதற்குள் கல்யாண நாள் வந்துவிடும்.

சட்டைக் காலரில் இரண்டு பாகங்கள் உண்டு. கழுத்தைச் சுற்றி நிற்பது பட்டை. அதன் மேலிருந்து வெளிப்புறமாக மடிந்து விழுவது மடிப்பு. மடிப்பை நீக்கி, பட்டையை மட்டும் விட்டால் அதுதான் மாண்டரின் காலர். இந்தியாவில் இதை நேரு காலர் என்பர். நேரு வழக்கமாக அணிந்த நீண்ட அச்கன் அங்கியின் காலர் இவ்வகையே. மலாய்க்காரர்களின் பாஜு மெலாயுவில் ‘செக்காக் மூசாங்’ எனப்படுவதும் நிற்கும் காலர்தான். ‘தெலுக் பெலாங்கா’ வகைக்குக் காலரே கிடையாது. ஆக, ஜிப்பா, பாஜு மெலாயு, சீனர்களின் பாரம்பரியச் சட்டை என நம் நாட்டின் மூன்று இனத்தாரின் உடைகளிலும் இந்தக் காலரைக் காணலாம்.

மற்ற சட்டைக் காலர்களுக்குள் வேறுபாடு மடிப்பின் முனையில்தான் இருக்கிறது. இரு முனைகளும் ஒன்றைவிட்டு ஒன்று நன்றாக விலகி நின்றால் அது ஸ்பிரெட் காலர். முனைகள் கோட்டுக்குள் அடங்கிவிடுவதால் கோட்டு, டைக்கு இது பொருந்தும். முனைகளைச் சட்டையோடு சிறு பொத்தானால் பிணைத்தால் அது பட்டன் டவுன். குதிரை மீது போலோ ஆடியவர்கள் காலர் பறக்காமல் இருக்கப் பொத்தான் போட்டதைப் பார்த்து அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது இது. விளையாட்டிலிருந்து வந்ததால், டை இல்லாத அன்றாட அலுவலக உடைக்கே அதிகம் பொருந்தும். முனை வளைவாக இருந்தால் வட்டக் காலர். கோட்டில் காலரும் மார்பு மடிப்பும் சேருமிடத்தில் முக்கோணமாக ஒரு வெட்டு தெரிந்தால் அது நாட்ச் லேப்பல். நேர்முகத் தேர்வுக்கு வாங்கும் கோட்டுகளில் அதிகம் காணப்படுவது இதுவே.

இவற்றில் அளவு தவறினால் மறைக்க முடியாதது நிற்கும் காலர். சட்டையில் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுச் சமாளிக்கலாம். ஜிப்பாவில் காலர் திறந்தால் முழுத் தோற்றமும் கெட்டுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கழுத்துச் சுற்றளவு 39 செண்டிமீட்டர், அதாவது சட்டைக் கணக்கில் பதினைந்தரை அங்குலம் உள்ள ஒருவருக்கு மார்பு அகலம். ஆயத்த ஜிப்பாக்களில் பெரும்பாலும் கழுத்து எண் இருக்காது. எம், எல், எக்ஸ்எல் மட்டுமே இருக்கும். மார்புக்காக அவர் எக்ஸ்எல் எடுக்கிறார். அதன் காலர் 43 செண்டிமீட்டர் என்றால், கழுத்தில் 4 செண்டிமீட்டர் கூடுதலாக நிற்கும். பொத்தானை நகர்த்தி ஒரு செண்டிமீட்டர் வரை குறைக்கலாம். அதற்கு மேல் நகர்த்தினால் முன்பக்கத் திறப்பு கோணிக்கொள்ளும். கழுத்துக்காக வெட்டியெடுத்த துணியைத் திரும்ப ஒட்டவும் முடியாது. எனவே, இவர் கழுத்துக்குப் பொருந்தும் அளவில் மார்பு தாராளமாக உள்ள வேறு தையலைத் தேட வேண்டும். இல்லையேல் துணி எடுத்துத் தைக்கக் கொடுப்பதே மேல்.

அளவெடுக்கும்போது நாடாவைக் குரல்வளை மேட்டுக்குக் கீழே சுற்றிப் பிடிக்க வேண்டும். காலரைப் பூட்டிய பின் இரண்டு விரல்கள் உள்ளே நுழைந்தால் அளவு சரி. பருத்தித் துணி முதல் சலவையில் 2 முதல் 3 விழுக்காடு சுருங்கக்கூடும். 39 செண்டிமீட்டர் காலரில் அது ஏறக்குறைய ஒரு செண்டிமீட்டர். அதனால் தையலுக்குக் கொடுக்கும் பருத்தித் துணியை முன்கூட்டியே நனைத்துக் காயவைப்பது நல்லது.

அளவு சரியாக இருந்தும் காலரின் மேல் விளிம்பு கழுத்தை விட்டு வெளியே சாய்ந்தால், வெட்டில் தவறு இருக்கிறது. கழுத்து மேலே போகப் போகக் குறுகும். பட்டையை நேர்க்கோடாக வெட்டினால் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒரே நீளமாகி இடைவெளி விழும். முன்பக்கம் சற்று மேல்நோக்கி வளைத்து வெட்டினால்தான் படிந்து நிற்கும். கடையில் காலரை மேசை மீது விரித்துப் பார்த்தாலே இந்த வளைவு தெரியும்.

விறைப்புக்காகக் காலருக்குள் வைக்கும் கேன்வாஸ் பசையால் ஒட்டப்பட்டிருந்தால், கடும் சூட்டில் அயர்ன் செய்யும்போது பசை விட்டுக் குமிழ் எழும்பும். பெரும்பாலும் அதைச் சரிசெய்ய இயலாது. மிதமான சூட்டில், முனையிலிருந்து நடுப்பகுதியை நோக்கித் தேய்ப்பதே பாதுகாப்பு.