கூரை ஒழுகல் என்பது ஒரு வேலை அல்ல

ஊர்ச் சமுதாயக் கூடத்தைப் புதுப்பிக்கக் கமிட்டி கூடினால், ஒப்பந்ததாரர் கொண்டுவரும் விலைப்புள்ளி பெரும்பாலும் ஒரே பக்கம்தான். மொட்டைமாடி ஒழுகல் சரிசெய்தல், வயரிங் மாற்றுதல், கழிப்பறை புதுப்பித்தல், தரைக்கு டைல்ஸ், பெயிண்டிங், இதர வேலைகள். அடியில் ஒரு மொத்தத் தொகை. எல்லாம் அடங்கிவிட்டது போலத்தான் தெரியும். வேலை பாதியில் நிற்கும்போதுதான் தகராறு வரும். மின்பணியாளர் சுவரை வெட்டிக் குழாய் பதித்துவிட்டுப் போயிருப்பார். அந்தப் பள்ளத்தைப் பூசி மூடுவது தன் கூலியில் சேராது என்பார் கொத்தனார். இருவர் சொல்வதிலும் தவறில்லை. அந்த வேலை யார் கணக்கிலும் எழுதப்படவே இல்லை.

இப்படி இரண்டு வேலைகளுக்கு நடுவே விழுந்துவிடும் வேலைகளை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. பணிப் பகுப்பு அமைப்பு என்பார்கள். பொறியாளர்கள் சுருக்கமாக டபிள்யூ.பி.எஸ். என்பார்கள். 1962இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் நாசாவும் சேர்ந்து வெளியிட்ட திட்டமிடல் கையேடு இதை விவரித்தது. 1968இல் பாதுகாப்புத் துறை இதற்கென ஒரு தர ஆவணமே வெளியிட்டது. ஏவுகணைத் திட்டங்களுக்காக வளர்ந்த முறைதான் என்றாலும், அதைச் செய்ய ஒரு நோட்டும் பென்சிலும் போதும். மேலே முழுத் திட்டம், அதன் கீழே பெரிய கட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் அதன் பகுதிகள், கடைசியில் ஒருவர் கையில் ஒப்படைக்கக்கூடிய பணித் தொகுப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.

ஒரு கூடத்தை வைத்தே செய்துபார்ப்போம். 70 அடி நீளம், 40 அடி அகலம் கொண்ட கான்கிரீட் கூரைக் கூடம். கட்டி 30 ஆண்டு ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் சமையலறையும் சாப்பாட்டுக் கூடமும், பக்கத்தில் கழிப்பறைகள். மழைக்காலத்தில் மேடைக்கு மேல் ஒழுகுகிறது.

முதல் கேள்வி, எதை வைத்துப் பிரிப்பது என்பது. அறை அறையாகப் பிரித்தால் கமிட்டிக்கு எளிதில் புரியும். ஆனால் வயரிங்கும் கூரையும் அறைக்கு அறை துண்டாகிவிடும். கொத்து, மின்சாரம், குழாய் என்று தொழில்வாரியாகப் பிரித்தால் கூலி பேச வசதி. ஆனால் தொழில்கள் சந்திக்கும் இடங்கள் மறுபடியும் விட்டுப்போகும். பழைய கட்டடத்துக்குப் பெரும்பாலும் சரிவருவது, மேல் மட்டத்தில் கட்டங்கள், அதன் கீழே கட்டடத்தின் பாகங்கள் என்ற வரிசை. நம் கூடத்துக்கு அது இப்படி அமையும்:

1. ஆய்வு, மதிப்பீடு, அனுமதிகள்
2. காலிசெய்தலும் இடித்து அகற்றலும்
3. கட்டடப் பழுதுநீக்கமும் கூரையும்
4. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்
5. பூச்சு, தரை, கதவு ஜன்னல், வண்ணம்
6. சோதனையும் ஒப்படைப்பும்
7. நிர்வாகம்

ஏழாவதைப் பலர் எழுதுவதே இல்லை. மேற்பார்வையாளர் சம்பளம், இரவுக் காவல், வேலைக்கான தற்காலிக மின் இணைப்பு, ஏற்கெனவே முன்பதிவு செய்த கல்யாணக்காரர்களுக்குத் தகவல் சொல்லி முன்பணத்தைத் திருப்பித் தருவது எல்லாம் செலவும் உழைப்பும் கேட்பவை. அவற்றுக்கு ஓர் இடம் வேண்டும். இந்த முறையின் மைய விதியே அதுதான்: ஒரு தலைப்பின் கீழ் வருபவற்றை எல்லாம் கூட்டினால் அந்தத் தலைப்பு முழுதாக வந்துவிட வேண்டும். குறையவும் கூடாது, வெளியிலிருந்து எதுவும் ஒட்டிக்கொள்ளவும் கூடாது. நூறு சதவீத விதி என்பார்கள். ‘இதர வேலைகள்’ என்ற வரி இந்த விதியிடம் நிற்காது. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் கூட்டிப்பார்க்க முடியாது.

இனி ஒரு கிளையை மட்டும் அடிவரை இறக்குவோம். மூன்றாவது கட்டத்தின் கீழ் 3.1 கான்கிரீட் பழுதுநீக்கம், 3.2 மொட்டைமாடி நீர்க்காப்பு. விலைப்புள்ளியில் ஒரே வரியாக இருந்த ஒழுகல் வேலை, 3.2இன் கீழ் இப்படி விரிகிறது:

3.2.1 இடம் மாற்றி, வேலை முடிந்ததும் திரும்ப நிறுத்திய தண்ணீர்த் தொட்டி
3.2.2 தட்டோடும் சுருக்கியும் நீக்கிச் சுத்தமாக்கிய தளம்
3.2.3 வெளியேற்றிய இடிபாடுகள்
3.2.4 விரிசல் அடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சு இட்ட தளம்
3.2.5 தண்ணீர் கட்டித் தேறிய தளம்
3.2.6 சரிவு பார்த்துப் பதித்த புதுத் தட்டோடு
3.2.7 மழைநீர் வாய்களும் இறங்கு குழாய்களும்

எல்லா வரிகளும் முடிந்த பொருளின் பெயராக இருப்பதைக் கவனியுங்கள். ‘பூச்சு அடித்தல்’ என்று எழுதினால், இரண்டு நாள் அடித்த பின்பும் வேலை முடிந்ததா என்று வாதம் நடக்கும். ‘பூச்சு இட்ட தளம்’ என்றால் ஏறிப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

3.2.3 ஏன் தனியாக நிற்கிறது என்பதைக் கணக்கே சொல்லும். கூரையின் பரப்பு 2,800 சதுர அடி. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த பழைய சுருக்கி, மேலே தட்டோடு இரண்டும் சேர்ந்து 4 அங்குல கனம் என்றால் சுமார் 930 கன அடி. உடைத்தால் உதிர்ந்து பெருகும். மூன்றில் ஒரு பங்கு கூடும் என்று கொண்டாலும் 1,240 கன அடி. ஜல்லி, மணல் வாங்கும் கணக்கில் 12 யூனிட்டுக்கும் மேல். இவ்வளவையும் மாடியிலிருந்து இறக்க வேண்டும், லாரியில் ஏற்ற வேண்டும், கொட்ட அனுமதியுள்ள இடம் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடைத்ததைத் தளத்தின் நடுவே குவித்துவைக்கக் கூடாது. முன்பு பரவலாக இருந்த பாரம் ஒரே இடத்தில் இறங்கினால் பழைய கான்கிரீட் தாங்காமல் போகலாம். ‘ஒழுகல் சரிசெய்தல்’ என்ற வரியில் இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட எழாது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். இடித்து அகற்றல் இரண்டாவது கட்டமாயிற்றே, தட்டோடு பெயர்ப்பது அங்கேதானே போக வேண்டும்? போகலாம். ஆனால் இரண்டு இடத்திலும் இருக்கக் கூடாது. இருந்தால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் போகும். கூரையைத் திறந்ததும் அடுத்த மழைக்கு முன் மூடியாக வேண்டும். அதனால் பெயர்ப்பதும் பூசுவதும் ஒரே ஒப்பந்ததாரர் பொறுப்பில் இருப்பது நல்லது. அந்தக் காரணத்தால் இதை 3.2இல் வைத்தோம். இரண்டாவது கட்டத்தின் குறிப்பில் ‘கூரை நீங்கலாக’ என்று எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

எவ்வளவு ஆழம் பிரிப்பது? ஒரு தொகுப்புக்கு ஒரே பொறுப்பாளர், தனியாகச் சொல்லக்கூடிய செலவு, கண்ணால் பார்த்து முடிந்தது எனச் சொல்லும் அடையாளம் ஆகிய மூன்றும் கிடைத்துவிட்டால் நிறுத்திவிடலாம். 8 மணி நேர உழைப்புக்குக் குறையாமலும் 80 மணி நேரத்துக்கு மேற்படாமலும் இருக்கட்டும் என்பது திட்ட மேலாளர்களின் வழக்குக் கணக்கு. பல ஆட்கள் சேர்ந்து செய்யும் கட்டட வேலையில் உழைப்பு நேரத்தை அப்படியே பார்க்க முடியாது. இரண்டு வாரத்துக்குள் முடிவு தெரிகிறதா என்று பார்த்தால் போதும். ஆணி அடிப்பது வரை பிரித்தால் பட்டியல் நூற்றுக்கணக்கில் நீளும். பிறகு யாரும் அதைத் திறக்கவே மாட்டார்கள்.

பிரித்த ஒவ்வொரு தொகுப்புக்கும் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று எழுதிவைப்பது அவசியம். 3.2.5க்கு எழுதினால் இப்படி இருக்கும்: மழைநீர் வாய்களை அடைத்து, தேவையான இடத்தில் சிறு வரப்புக் கட்டி, 2 அங்குலம் தண்ணீர் நிறுத்த வேண்டும். 48 மணி நேரம் கழித்துக் கூடத்தின் உள்ளே விட்டத்தையும், மாடித் தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலைகளுக்கு நேர் கீழேயும் பார்த்து, ஈரம் தெரிந்த இடத்தைச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். ஈரம் இருந்தால் அந்த இடத்தில் மறுபூச்சு இட்டு மறுபடியும் சோதனை. மறுபூச்சுச் செலவு ஒப்பந்ததாரருடையது. தண்ணீர் கொண்டுவரும் செலவு இதில் அடக்கம். பார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் கமிட்டியின் பொறியாளர். அந்தக் கையெழுத்து இல்லாமல் 3.2.6 தொடங்கக் கூடாது. இந்தக் கடைசி வரிதான் பல ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றும். சோதிக்காமல் தட்டோடு பதித்துவிட்டால், பின்னால் ஒழுகும் இடத்தைத் தேட அதையே பெயர்க்க வேண்டியிருக்கும்.

எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் இந்த ஆழத்துக்கு இறக்க முடியாது. 3.1ஐப் பாருங்கள். கூரையின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிவது ஓரிரண்டு இடமாக இருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் பொக்கென்று ஒலிக்கும் இடம் இன்னும் எவ்வளவோ இருக்கலாம். துருப்பிடித்த கம்பியைத் தேய்த்துப் பூசினால் போதுமா, புதுக் கம்பி சேர்க்க வேண்டுமா என்பதும் திறந்த பிறகே தெரியும். தெரியாததைத் தெரிந்ததுபோல் பிரித்து எழுதுவது வீண். 3.1ஐ ஒரே பெட்டியாக விட்டு, உத்தேசத் தொகை ஒன்றைக் குறித்து, ‘1.2 கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கை வந்ததும் பிரிக்கப்படும்’ என்று எழுதிவைப்பதே நேர்மையான வழி.

இந்த அமைப்பு எது முதலில், எது பிறகு என்று சொல்லாது, தேதியும் தராது. அது அடுத்த படி. ஆனால் தொகுப்புகள் கையில் இருந்தால்தான் அந்தப் படியே சாத்தியம். கல்யாணம் இல்லாத ஆடி மாதத்தில் கூடத்தை மூடலாம் என்று கமிட்டி நினைக்கும். அந்த 30 சொச்ச நாளில் எவை அடங்கும், எவற்றைக் கூடத்தை மூடாமல் முன்பே முடிக்கலாம், வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூரை மூடப்படுமா என்பதெல்லாம் தொகுப்புகளை வரிசைப்படுத்தும்போதுதான் தெரியவரும். ஒப்பந்ததாரர்களிடம் விலை கேட்கும்போதும் அப்படித்தான். மூன்று பேரிடமும் இதே எண்களுக்கு விலை வாங்கினால், ஒருவர் தொகை குறைவாக இருப்பது திறமையாலா, இடிபாடு அகற்றலை விட்டுவிட்டதாலா என்று உடனே பிடிபடும்.

வேலை நடக்கும்போது இதன் பயன் வேறு விதத்தில் தெரியும். பாதி வேலையில் கமிட்டி உறுப்பினர் ஒருவர், “சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட்டுரலாமே, சின்ன வேலைதானே” என்கிறார். நியாயமான கோரிக்கை, தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டியது. ஆனால் சின்ன வேலை அல்ல. 1க்கு 12 என்ற சரிவில், தரை மட்டம் 2 அடி உயரத்தில் இருந்தால் சாய்தளம் 24 அடி நீளும். இடையில் திரும்பி நிற்கத் தளம் வேண்டுமானால் இன்னும் கூடும். அது முன்புற மழைநீர்க் கால்வாயின் மேல் போகுமா, வாசல் கதவு அகலம் போதுமா, கைப்பிடிக் கம்பி யார் கணக்கு? பட்டியலைத் திறந்தால் எந்த எண்களைத் தொட வேண்டும் என்று அங்கேயே தெரியும். சாய்தளத்துக்குப் புது எண் போட்டு, அதன் செலவையும் அது பாதிக்கும் மற்ற தொகுப்புகளின் செலவையும் எழுதி, கமிட்டி ஒப்புக்கொண்ட பிறகே கொத்தனாரிடம் சொல்ல வேண்டும். எண் இல்லாத வேலைக்குப் பணமும் இல்லை என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிவிட்டால், கடைசி பில் வரும் நாளில் யாரும் குரலை உயர்த்த வேண்டியிருக்காது.